மீனுக்குப் பலிக்கும் எலுமிச்சை ஆட்டுக்கறிக்கு ஏன் பலிப்பதில்லை?

கவிச்சி வாடையைப் போக்க எலுமிச்சை நல்லதா, மஞ்சள் நல்லதா, வினிகர் நல்லதா என்று கேட்பவர்கள் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கழுவப்போவது மீனா, ஆட்டுக்கறியா? அது தெரியாமல் இந்த மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. மூக்குக்கு இரண்டும் பச்சை வாடையாகத்தான் படுகின்றன. ஆனால் மீனின் வாடை ஒரு பொருளிலிருந்து வருகிறது, ஆட்டுக்கறியின் வாடை முற்றிலும் வேறொன்றிலிருந்து வருகிறது. முதலாவதைப் புளிப்பு அடக்கிவிடும். இரண்டாவதிடம் புளிப்பின் வேலை செல்லாது.

நம் சமையல் இதை எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது. மீன் குழம்பு என்றால் புளி வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் போனால் குடம்புளி, இலங்கையில் கொறக்காய், கோடையில் மாங்காய் என்று புளிப்பு வேறு வேறு உருவில் வரும். ஆனால் புளிப்பில்லாத மீன் குழம்பு அரிது. ஆட்டுக்கறிக் குழம்புக்கு வந்தால் பெரும்பாலான வீடுகளில் புளிக்கு இடமே இல்லை. அங்கே மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு, இஞ்சி, பூண்டு, கை நிறையச் சின்ன வெங்காயம் ஆகியவைதாம் வாடையைச் சமாளிக்கின்றன. குழம்பில் சரியாகச் செய்கிற நாம், கழுவும்போது மட்டும் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

மீன் வாடை எங்கிருந்து வருகிறது

கடல் நீரின் உப்பைத் தாங்கிக்கொள்ளக் கடல் மீன்களின் தசையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. அதற்கு மணம் கிடையாது. மீன் இறந்த பிறகு அதன்மேல் வளரும் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமீன் என்ற ஆவியாகக்கூடிய பொருளாக மாற்றுகின்றன. நாம் மீன் நாற்றம் என்று சொல்வது பெரும்பாலும் அதுதான். இப்போதுதான் பிடித்து வந்த மீனில் கடல் மணம் மட்டுமே இருப்பதும், ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த மீன் தூரத்திலேயே தெரிவதும் இதனால்தான்.

இந்த அமீனைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, அது தண்ணீரில் நன்றாகக் கரையும். இரண்டாவது, அது காரத்தன்மை கொண்டது; மிளகாயின் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம். புளிப்பு, அதாவது ஏதாவது ஓர் அமிலம், அதனுடன் சேரும்போது அது உப்பாக மாறிவிடும். அந்த உப்பு ஆவியாகாது. ஆவியாகாத எதையும் மூக்கு உணராது. ஆகவே எலுமிச்சையும் வினிகரும் மீன் வாடையை வெறுமனே மூடி மறைப்பதில்லை, அதன் இயல்பையே மாற்றுகின்றன. பிறகு தண்ணீர் ஊற்றினால் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

நம்பிக்கை வராதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மீனை முதல் முறை கழுவிய தண்ணீரை மூன்று தம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். ஒன்றில் அரை மூடி எலுமிச்சையைப் பிழியுங்கள். மூன்றாவதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுங்கள். சற்று நேரம் கழித்து முகர்ந்தால், எலுமிச்சை விட்டதில் மீன் வாடை நன்றாகக் குறைந்திருக்கும்; சோடா போட்டதில் முதலில் இருந்ததைவிடத் தூக்கலாக இருக்கும். காரம் சேர்ந்ததும் கட்டுண்டு கிடந்த அமீனும் விடுபட்டு ஆவியாகிவிடுகிறது. மீன் கழுவ ஆப்பசோடா போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மூன்றையும் மீனில் ஒப்பிட்டால்

எலுமிச்சையும் வினிகரும் செய்வது ஒரே வேலை. எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். கடையில் விற்கும் வெள்ளை வினிகரின் அமில அளவு ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம். எலுமிச்சைச் சாற்றிலும் கிட்டத்தட்ட அதே அளவோ சற்றுக் கூடுதலோ இருக்கும். வாடையை அடக்கும் வலிமையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எனக்கு மீனுக்கு எலுமிச்சைதான். காரணம் மணம். அசிட்டிக் அமிலம் தானே ஆவியாகும், அதனால் சரியாக அலசாவிட்டால் மீனில் வினிகர் நெடி தங்கிவிடும். வறுக்கும்போது அந்த நெடி அடுப்பிலிருந்து எழுந்து கண்ணையும் உறுத்தும். சிட்ரிக் அமிலம் ஆவியாவதில்லை. எலுமிச்சைத் தோலிலிருந்து வரும் எண்ணெயின் வாசனையும் மீனுக்கு ஒத்துப்போகிறது. ஆனால் கோடையில் எலுமிச்சை விலை ஏறும்போது இரண்டு கிலோ மீன் கழுவ அதைத்தான் பிழிய வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டு, பிறகு இரண்டு முறை அலசினால் முடிவு ஒன்றுதான். நெல்லிக்காயளவு புளியைக் கரைத்த தண்ணீரும் அதே பலனைத் தரும். பெரிய மீனை நிறைய வாங்கி ஆய்ந்து உறைபெட்டியில் வைக்கிறவர்களுக்கு வினிகர்தான் கட்டுப்படியாகும்.

மஞ்சள்தூள் விஷயத்தில் நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. மஞ்சள் மீன் வாடையை நீக்குவதில்லை. அதில் அந்த அமீனைக் கட்டிப்போடும் அமிலம் இல்லை. அதன் குர்க்குமின் தண்ணீரில் சரியாகக் கரைவதும் இல்லை. கிருமிகளை ஓரளவு தடுக்கும் குணம் மஞ்சளுக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் ஐந்து நிமிடம் தடவி அலசுவதில் அந்தக் குணம் பெரிதாக எதையும் செய்துவிட முடியாது. ஏற்கெனவே உண்டான வாடையை அது திரும்ப எடுக்கவும் முடியாது.

அப்படியென்றால் தலைமுறை தலைமுறையாக மஞ்சள் போட்டுக் கழுவியவர்களுக்கு வாடை எப்படிப் போயிற்று? அவர்கள் மஞ்சளை மட்டும் போடவில்லை. கல் உப்பையும் சேர்த்துப் போட்டு, மண்சட்டியின் சொரசொரப்பான அடியில் மீனை உரசி, தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றினார்கள். மீனின்மேல் இருக்கும் வழவழப்பில்தான் பாக்டீரியாக்கள் அதிகம் வாழ்கின்றன, வாடையும் அதில்தான் அதிகம் உண்டாகிறது. உப்பின் கூர்மையும் சட்டியின் சொரசொரப்பும் அதைச் சுரண்டி எடுத்துவிடும். அமீன் தண்ணீரில் கரைவதால் பலமுறை அலசியதும் மிச்சத்தைக் கொண்டுபோய்விடும். வேலை செய்தது உப்பு, உரசல், தண்ணீர். பெயர் வாங்கியது மஞ்சள். மஞ்சளைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் இடம் கழுவும் தண்ணீரில் இல்லை, கழுவி முடித்த பிறகு தடவும் மசாலாவில் இருக்கிறது. சூடான எண்ணெயில் மஞ்சளின் மணம் எழுந்து மீனின் மிச்ச வாடையை நன்றாக மறைக்கும். முதல் கழுவலிலேயே கொட்டிச் சாக்கடைக்கு அனுப்பினால் அந்த மணமும் வீண்.

ஒரு கிலோ கானாங்கெளுத்தியை வைத்துப் பார்ப்போம்

அயிலை என்றும் சொல்லப்படும் கானாங்கெளுத்தியை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். விலை குறைவு, சுவை அதிகம், வாடையும் அதிகம். இதில் சரியாக வந்துவிட்டால் வஞ்சிரத்திலும் சங்கராவிலும் சிரமமே இருக்காது.

மீன்காரர் செதில், செவுள், குடல் எல்லாவற்றையும் எடுத்துத் தந்துவிடுவார். பெரும்பாலோர் அதோடு மீன் ஆய்ந்தாகிவிட்டது என்று நினைத்து எலுமிச்சையைத் தேடுகிறார்கள். வாடையின் பாதி இன்னும் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். வயிற்றை விரித்துப் பார்த்தால் உட்புறச் சுவரில் ஒரு கறுப்பு ஜவ்வு ஒட்டியிருக்கும். அதை விரலால் அல்லது கத்தி முனையால் உரித்தெடுக்க வேண்டும். பிறகு முதுகெலும்பை ஒட்டி நீளமாக உறைந்த இரத்தம் தெரியும். அதை மூடியிருக்கும் மெல்லிய தோலைக் கீறி, ஓடும் தண்ணீரில் கட்டைவிரல் நகத்தாலோ பழைய பல் துலக்கியாலோ தேய்த்தால் கருஞ்சிவப்பாக வெளியேறும். தண்ணீர் தெளிவாகும்வரை விடக்கூடாது. தலையை வைத்துக்கொள்பவர்கள் செவுள் முழுவதும் போய்விட்டதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். எந்த எலுமிச்சையும் இந்த இரத்தத்தையும் செவுளையும் ஈடுகட்டாது. வாடை போகவில்லை என்று புலம்பும் வீடுகளில் நான் பார்த்த குறை பெரும்பாலும் இதுதான்.

அடுத்து ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டு எல்லாத் துண்டுகளையும் உள்ளும் புறமும் உரசி, வழவழப்பு போகும்வரை இரண்டு முறை அலச வேண்டும். தோலில் விரலை ஓட்டினால் வழுக்காமல் லேசாக ஒட்டினாற்போல் இருந்தால் இந்தக் கட்டம் முடிந்தது. இப்போதுதான் எலுமிச்சை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு நல்ல பழத்தின் சாறு, ஒரு தேக்கரண்டி உப்பு. துண்டுகளை மூழ்கவிட்டு ஐந்து நிமிடம் வைத்திருந்தால் போதும். நெத்திலி, சாளை போன்ற சிறிய மீன்களுக்கு இரண்டு நிமிடமே அதிகம்.

நேரத்தை நீட்டினால் நன்மை கூடும் என்று நினைப்பது பலரிடமும் உள்ள பழக்கம். அமிலம் மீனின் புரதத்தையும் மாற்றும். பெரு நாட்டில் செவிச்சே என்ற உணவை அடுப்பே இல்லாமல் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத்தான் செய்கிறார்கள். நமக்கு வேண்டியது வறுவலும் குழம்பும். தண்ணீர் கலக்காத சாற்றில் அரை மணி நேரம் கிடந்த துண்டின் மேற்புறம் வெளுத்து, பால் நிறமாகி, விளிம்பு உதிரத் தொடங்கும். அது தோசைக்கல்லில் உடையும், தின்னும்போது வறண்டிருக்கும். சதை வெளுக்கத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

ஐந்து நிமிடம் ஆனதும் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, சல்லடைக் கூடையில் பத்து நிமிடம் வடியவிட வேண்டும். வறுப்பதாக இருந்தால் துணியால் ஒற்றியும் எடுத்துவிடுங்கள். அடியில் வடியும் தண்ணீரை முகர்ந்து பார்த்தால், அந்த நீரை மீனோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புரியும். இதற்குப் பிறகு மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு.

குழம்புதான் வைக்கப்போகிறீர்கள் என்றால் எலுமிச்சைத் தண்ணீரை விட்டுவிடலாம். குழம்பில் இருக்கும் புளி அதைவிட நீண்ட நேரம், சூட்டோடு, உள்வரை அதே வேலையைச் செய்யும். வறுவலில் புளிப்பு இல்லாததால்தான் அங்கே எலுமிச்சை தேவைப்படுகிறது. வறுத்த மீனோடு தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை வைக்கும் வழக்கமும் அழகுக்காக வந்ததில்லை. சூட்டில் மேலெழும் மிச்ச அமீனைப் பரிமாறும் இடத்திலேயே அது பிடித்துவிடுகிறது.

எலுமிச்சைக்கு அடங்காத மீன்கள்

குளத்து மீன், அணை மீன் வாங்குபவர்கள் சேற்று வாடை போகவில்லை என்று எலுமிச்சையைக் குறை சொல்வார்கள். அந்த வாடை வேறு வகை. கட்லா, ரோகு, ஜிலேபி போன்றவற்றில் வரும் மண் வாடைக்குக் காரணம் தண்ணீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் மணத்தில் இருப்பதும் இதுதான். மனித மூக்கு இதை மிக மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும். இது மீனின் கொழுப்பிலும் தோலிலும் தங்குவதால் மேற்புறத்தைக் கழுவுவதில் பயன் குறைவு. அமிலத்தில் இது சிதையும் என்றாலும் ஐந்து நிமிடக் கழுவலில் உள்ளே போய்ச் சிதைப்பது கடினம். புளிக்குழம்பில் கொதிக்கும்போதுதான் நல்ல பலன் தெரியும். ஆகவே குளத்து மீனைத் தோலையும் வயிற்றுப்புறக் கொழுப்பையும் நீக்கிவிட்டுப் புளிக்குழம்பாக வைப்பதே நல்லது. விரால், கெளுத்தி போல உயிரோடு கிடைப்பவற்றைச் சுத்தமான தண்ணீரில் சில நாள்கள் விட்டுவைத்துச் சமைக்கும் பழக்கம் இதற்கு மிகச் சரியான வழி. மீன் தன் உடம்பிலிருந்து அந்த வாடையைத் தானே வெளியேற்றிவிடும்.

சுறாவிலும் திருக்கையிலும் வருவது அம்மோனியா நெடி. இவற்றின் தசையில் யூரியா அதிகம். மீன் இறந்ததும் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்குகின்றன. அம்மோனியாவும் காரம் என்பதால் புளிப்புக்கு அடங்கும். சுறாப் புட்டுக்கு மீனை முதலில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, தோலை உரித்து, உதிர்த்து எடுக்கும் முறை யூரியாவையும் அம்மோனியாவையும் ஒருசேர வெளியேற்றுகிறது. கடையில் நிற்கும்போதே மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் அந்தச் சுறாவை வாங்காமல் வருவதுதான் வழி.

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களை உறைபெட்டியில் பல வாரம் வைத்த பிறகு வரும் கனத்த எண்ணெய் வாடைக்கும் எலுமிச்சை உதவாது. அது கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெட்ட வாடை. அமீன் அதில் முக்கியமில்லை.

இங்கே எச்சரிக்கை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலுமிச்சையும் வினிகரும் வாடையை இவ்வளவு நன்றாக அடக்குவதாலேயே, கெட்டுப்போன மீனின் அடையாளத்தையும் அழித்துவிடும். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி ஆகியவை குளிர் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். அது முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு, வாந்தி என்று உடம்பைப் படுத்தும். அமிலத்தாலோ வேகவைப்பதாலோ அது அழிவதில்லை. எனவே மீனைத் தண்ணீர் படும் முன்பே முகர்ந்து, செவுளின் சிவப்பையும் கண்ணின் தெளிவையும் சதையின் இறுக்கத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஒரு கிலோ மீனைக் காப்பாற்ற அரை பாட்டில் வினிகர் தேவைப்படுகிறது என்றால் அது சமைக்க வேண்டிய மீன் இல்லை.

ஆட்டுக்கறிக்கு வருவோம்

ஆட்டுக்கறியின் வாடை கொழுப்பில் இருக்கிறது. வெள்ளாட்டிலும் செம்மறியிலும் மற்ற கறிகளில் அவ்வளவாக இல்லாத சில கிளைத்த கொழுப்பமிலங்கள் உண்டு. அவைதான் ஆட்டு வாடை. காயடிக்காத முதிர்ந்த கிடாயில் இவை அதிகம்; இளங்குட்டியில் குறைவு. பெயரே சொல்வதுபோல இவை அமிலங்கள். எலுமிச்சையும் வினிகரும் அமிலங்கள். ஓர் அமிலம் இன்னோர் அமிலத்தைக் கட்டிப்போடாது. தண்ணீரில் இவை கரைவதும் குறைவு. ஆகவே மீனுக்குப் பலன் தந்த இரண்டு வழிகளுமே, அதாவது புளிப்பும் அலசலும், இங்கே ஒருசேரத் தோற்றுவிடுகின்றன. காரம் போட்டால் அடங்குமே என்று ஆப்பசோடாவை எடுக்க வேண்டாம். கறி சோப்புச் சுவை ஏறிக் குழைந்துவிடும்.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. கறியிலிருந்து வெட்டிய கொழுப்பில் இரண்டு சிறு துண்டுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சையைப் பிழியுங்கள். எலுமிச்சை வாசனைக்கு அடியில் ஆட்டு வாடை அப்படியே இருப்பது தெரியும். பிறகு கொழுப்பே இல்லாத சதைத் துண்டு ஒன்றை வேறு கிண்ணத்தில் அதே மாதிரி செய்து முகருங்கள். எந்தத் தூளும் சாறும் இல்லாமலே அதில் வாடை மிகக் குறைவாக இருக்கும்.

முதல் வேலை கத்தியின் வேலை என்பது இதிலிருந்தே விளங்கும். கடையில் நிற்கும்போதே இளங்கிடாய்க் கறியாகக் கேளுங்கள். குண்டிக்காயைச் சுற்றிய கெட்டிக் கொழுப்பை எடையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் மேலே படிந்த வெள்ளைக் கொழுப்பையும் ஜவ்வையும் எடுத்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் ஆட்டு முடியையும் விடாமல் பொறுக்க வேண்டும். கிடாயின் தோலிலும் முடியிலும் ஊறிய வீச்சம் உரிக்கும்போது கறியில் ஏறியிருக்கும். எல்லாக் கொழுப்பையும் எடுத்துவிட்டால் குழம்பு சப்பென்றாகிவிடும், ஏனென்றால் ஆட்டுக்கறியின் ருசியும் அதே கொழுப்பில்தான் இருக்கிறது. சதைக்குள் ஓடும் மெல்லிய கொழுப்பை விட்டுவிட்டு வெளிக்கொழுப்பை மட்டும் நீக்குவது சரியான அளவு.

கழுவுவது எலும்புத் தூளையும் இரத்தத்தையும் போக்க மட்டுமே. குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசி வடித்தால் போதும். மஞ்சளும் வினிகரும் போட்டு ஏழெட்டு முறை பிழிந்து கழுவுவதால் கறியின் சாறுதான் போகும். வினிகரில் நீண்ட நேரம் ஊறவைத்தால் மேற்புறம் வெளுத்துச் சுவையும் மாறும். கோவாவின் விண்டாலுவில் வினிகர் சேர்வது அந்த உணவின் சுவைக்காக. நம் குழம்பில் அந்தச் சுவையை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

உண்மையில் வாடையை வெளியேற்றுவது திறந்த பாத்திரத்தில் வதக்குவதுதான். அரைக் கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் சோம்பு, பட்டை, கிராம்பு தாளித்து, சின்ன வெங்காயம் வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாடை போகும்வரை கிளறி, பிறகு வடித்த கறியையும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளையும் உப்பையும் போடுங்கள். மூடி போடக்கூடாது. முதலில் கறி தண்ணீர் விடும். அடுப்படியெங்கும் ஆட்டு வாடை எழும். நல்ல தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறினால் அந்தத் தண்ணீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, கறியின் நிறம் பழுப்பாகும். ஆவியோடு வாடையும் வெளியேறியிருக்கும். அடுப்பின் பக்கம் வரும் மணம் மாறுவதை வைத்தே இதைத் தெரிந்துகொள்ளலாம். அதன் பிறகுதான் மல்லித்தூளும் தண்ணீரும், குக்கரின் மூடியும்.

பல வீடுகளில் முறை தலைகீழாக இருக்கிறது. கறி, தண்ணீர், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் குக்கரில் போட்டு முதலிலேயே மூடிவிடுகிறார்கள். வெளியேற வேண்டிய வாடையின் பெரும்பகுதி உள்ளேயே அடைபட்டுக் குழம்பில் கலக்கிறது. மூடியைத் திறக்கும்போது அடிக்கும் அந்த நெடிக்குப் பரிகாரமாக அடுத்த முறை மஞ்சளைக் கூட்டுகிறார்கள். மாற்ற வேண்டியது மஞ்சளின் அளவு இல்லை, மூடி போடும் நேரம்.

ஆட்டுக்கறிக்குப் புளிப்பு ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் தயிர் நல்லது. அரைக் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி தயிரில் ஒரு மணி நேரம் ஊறினால் கறி மென்மையாகும். தயிரின் மணமும் கொழுப்பும் வாடையைச் சற்றுத் தணிக்கும். கிடாய் முதிர்ந்தது என்று தெரிந்தாலோ தலைக்கறியோ குடலோ சமைத்தாலோ, கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, மேலே வரும் நுரையோடும் கொழுப்போடும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். ருசியிலும் கொஞ்சம் போகும் என்பதால் இளங்கறிக்கு இதைச் செய்யக்கூடாது. வெந்து முடிந்த குழம்பைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடுவது எல்லாக் கறிக்கும் பொருந்தும்.

கையும் பாத்திரமும்

வினிகர் மற்ற இரண்டையும் தெளிவாக வெல்லும் இடம் இது. மீன் வெட்டிய பலகை, அரிவாள்மனை, கழுவுதொட்டி, மீன் வைத்த எவர்சில்வர் தட்டு எல்லாவற்றுக்கும் அதன் நெடி ஒரு பொருட்டில்லை, சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும். மரப்பலகையில் மஞ்சள் கறை ஏறும், எலுமிச்சையை அவ்வளவு பிழிவது வீண்செலவு. வரிசை மட்டும் முக்கியம். சோப்பும் பாத்திரம் துலக்கும் பொடியும் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை. மீன் பாத்திரத்தில் நேராக அவற்றைப் போட்டால் வாடை முதலில் கிளம்பும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள்; வெந்நீர் பட்டால் மீனின் புரதம் உறைந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீர் கலந்த வினிகரை ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, அதன் பின் சோப்புப் போட்டுத் துலக்குங்கள். கைக்கும் இதே வரிசைதான். வினிகருக்குப் பதிலாகப் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோலையோ குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையையோ விரல் இடுக்குகளில் தேய்த்தால் போதும்.

ஆட்டுக்கறி வெட்டிய பலகைக்கு இது எதுவும் வேண்டாம். அங்கே ஒட்டியிருப்பது கொழுப்பு. நல்ல வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.